சொல்லின்றி வந்து சேரும் பில்

சிறு உற்பத்தியாளர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் மாதக் கட்டணத்தில் சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கு எழுதித் தருவோரிடம் இன்று பெரும்பாலான ஆவணங்கள் தாளாக வருவதில்லை. அவை கைப்பேசியில் எடுக்கப்பட்ட படங்களாக வாட்ஸாப்பில் வருகின்றன. அவற்றிலும் ஒரு பெரும்பகுதி, அசைந்தோ மங்கியோ இருக்கும் ஒற்றைக் கடை பில்லின் படமாக, முன்னும் பின்னும் ஒரு சொல்கூட இல்லாமல் வந்து சேர்கிறது. அனுப்பியவர் பில்லைக் கணக்கில் ஏற்றச் சொல்கிறாரா, அதிலுள்ள வரி சரிதானா என்று கேட்கிறாரா, தாள் அழிந்துவிடும் என்று பத்திரப்படுத்தச் சொல்கிறாரா, சரக்கு வண்டிக்குச் சீட்டு எடுத்துத் தரச் சொல்கிறாரா என்பதைக் கணக்கரே கண்டறிய வேண்டியிருக்கிறது. இத்தொழிலில் நெடுநாள் இருப்பவர்கள் இந்த ஊகத்தை ஒரு முறையாகவே செய்கிறார்கள். அம்முறையில் மங்கிய எழுத்துகளைப் படிப்பது ஒரு பாதிதான். மற்றப் பாதி, அந்தப் பில் யாருக்கும் யாருக்கும் இடையிலானது, மாதத்தின் எந்த நாளில் வந்தது என்பவற்றைப் படிப்பது.

அனுப்புபவர் ஏன் ஒன்றும் எழுதுவதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கடை முதலாளியோ பனியன் கம்பெனி உரிமையாளரோ தம் கையில் பில் இருக்கும் நேரத்தில் படத்தை எடுக்கிறார். அந்த நேரத்தில் தமக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கு ஐயமின்றித் தெரிந்திருப்பதால், படத்தைப் பார்க்கும் கணக்கருக்கும் அது தெரியும் என்றே நம்புகிறார். அவரைப் பொறுத்தவரை படமே முழு வாக்கியம். ஆகவே "இது என்ன?" என்று திருப்பிக் கேட்பது பல வேளைகளில் பயன்தருவதில்லை. "பில்" என்ற ஒரே சொல் பதிலாக வருகிறது, அல்லது அதே படம் இன்னொரு முறை வருகிறது. கேள்வியைக் கணக்கர் தாமே வடித்து அனுப்புநரிடம் ஒப்புதல் பெறுவதே நடைமுறையில் பலிக்கும் வழி.

படம் கலங்கியிருக்கும் விதமும் ஒரு செய்தியே. எல்லா எழுத்துகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது, பெரும்பாலும் நின்றபடியோ வண்டியில் அமர்ந்தபடியோ அவசரத்தில் எடுக்கப்பட்ட படம் அது. பில்லின் ஒரு பகுதி மட்டும் தெளிவாகவும் மற்றவை மங்கலாகவும் இருந்தால், கைப்பேசியின் திரையில் அவர் எந்த இடத்தைத் தொட்டுக் குவியம் வைத்தார் என்பது தெரிகிறது. தொகை தெளிவாகவும் தலைப்பு மங்கலாகவும் உள்ள படத்தைத் தொகைக்காக எடுத்திருக்கிறார். வாங்குபவர் பெயர் உள்ள வரிசை நடுவில் இருக்க, அடியில் மொத்தத் தொகையே வெட்டுப்பட்டிருந்தால், அவருடைய கவலை பெயரைப் பற்றியதாகவோ அதன் கீழ் இருக்க வேண்டிய வரி எண்ணைப் பற்றியதாகவோ இருக்கக்கூடும். தாளின் ஓரத்தில் தெரியும் கட்டைவிரல், பென்சிலால் போட்ட வட்டம், "பணம் பெறப்பட்டது" என்ற முத்திரை ஆகியவை அச்சிட்ட எழுத்துகளைவிட நேராகப் பேசுபவை.

எழுத்துகள் அசைவினால் கலங்காமல் தாளிலேயே வெளிறியிருந்தால் அது வேறு வகை. சிறு கடைகளில் இரண்டு அல்லது மூன்று அங்குல அகலச் சுருளில் வரும் பில்லில் மை கிடையாது. தாளின் மேல் பூசப்பட்ட வேதிப்பொருள், அச்சுத்தலையின் சூட்டில் கறுத்து எழுத்தாகிறது, இதைத் தெர்மல் தாள் என்பர். சட்டைப்பையின் சூடும் வெயிலும் அதை நாளடைவில் வெளுக்கச் செய்கின்றன, பிளாஸ்டிக் உறையில் வைத்தாலும் எண்ணெய்க்கை பட்டாலும் எழுத்து மறைகிறது. பழைய தேதியிட்ட, வெளிறிய தெர்மல் பில் ஒன்று திடீரென்று வந்தால், பெரும்பாலும் பை தட்டும்போதோ மேசை ஒழுங்குசெய்யும்போதோ கிடைத்ததை, முற்றிலும் அழிவதற்குள் கணக்கரின் கையில் ஒப்படைக்கிறார் என்று கொள்ளலாம். அங்கே அவர் கேட்பது பாதுகாப்பைத்தான், உடனடி நடவடிக்கையை அல்ல.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது, அனுப்பியவர் அந்தப் பில்லில் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பது. சரக்கு விற்பனைக்கான வரிப் பில் மூன்று படிகளாகப் போடப்பட வேண்டும் என்பது விதி. முதல் படி வாங்குபவருக்கு, இரண்டாவது சரக்கு ஏற்றிச் செல்பவருக்கு, மூன்றாவது விற்பவருக்கு. இதன்படி பில்லின் மேல் வலது மூலையில் "ஒரிஜினல் ஃபார் ரெசிபியன்ட்", "டூப்ளிகேட் ஃபார் டிரான்ஸ்போர்ட்டர்", "டிரிப்ளிகேட் ஃபார் சப்ளையர்" என்ற மூன்றில் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். எழுத்து படிக்க முடியாமல் இருந்தாலும் அந்த வரியின் முதல் சொல்லின் நீளமும் வடிவமும் பெரும்பாலும் எது என்று காட்டிவிடும். முதல் படி என்றால் அனுப்பியவர் வாங்கியவர். மூன்றாவது படி என்றால் அது அவருடைய விற்பனை, கணக்கில் வேறு பக்கத்துக்குப் போக வேண்டியது. இரண்டாவது படியின் படம் வந்தால் சரக்கு வண்டியில் இருக்கிறது அல்லது ஏற்றப்படப் போகிறது என்று பொருள், அப்போது மின்வழிச் சீட்டு எனப்படும் ஈ-வே பில்லைப் பற்றிய எண்ணம் உடனே வர வேண்டும். சரக்கு மாநிலம் தாண்டினால் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புக்கும், தமிழ்நாட்டுக்குள்ளேயே சென்றால் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புக்கும் பொதுவாக அந்தச் சீட்டு தேவை. தொகை அந்த எல்லையைத் தாண்டியிருப்பது மங்கலாகத் தெரிந்தாலே, மற்ற எல்லாப் படங்களையும் ஒதுக்கிவைத்து அதற்குப் பதில் அளிக்க வேண்டும், ஏனெனில் அங்கே ஓட்டுநர் ஒருவர் காத்திருக்கக்கூடும்.

அனுப்புநரின் தொழிலும் ஒரே பில்லின் பொருளை மாற்றிவிடுகிறது. வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளும் உரிமைக்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர், கடைத்தெருவில் சுருக்கமாக "இன்புட்" என்கிறார்கள். பனியன் கம்பெனிக்காரர் ஒரு மிக்சி வாங்கிய பில்லை அனுப்பினால் அது வீட்டுக்கா கம்பெனிக்கா என்ற கேள்வி முதலில் எழும், சொந்த உபயோகப் பொருளுக்கு இன்புட் கிடையாது. அதே மிக்சி பில்லைச் சாதாரண உணவகம் நடத்துபவர் அனுப்பினால் அது தொழில் கருவிதான். ஆனால் அவர் வாடிக்கையாளரிடம் ஐந்து சதவீதம் வரி வசூலிப்பது இன்புட் எடுப்பதில்லை என்ற நிபந்தனையின் பேரில் என்பதால், வரிக்காக அவர் அனுப்பியிருக்க முடியாது, செலவுக் கணக்குக்காகத்தான் அனுப்பியிருப்பார். ஆகவே படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு முன்பே, அனுப்பியவரின் பெயரைப் பார்த்தவுடன் கணக்கரின் மனத்தில் பாதிக் கேள்விகள் கழிந்துவிடுகின்றன.

எனினும் ஊகத்துக்கு மிக உறுதியான துணை நாட்காட்டிதான். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் வணிகர், சென்ற மாத விற்பனை விவரத்தை ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற படிவத்தில் 11-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். அவர் கொடுத்த பில்கள், அவற்றை வாங்கியவருடைய ஜி.எஸ்.டி.ஆர்.-2பி என்ற பட்டியலில் 14-ஆம் தேதி தாமாகவே தோன்றுகின்றன. அந்தப் பட்டியலைக் கொண்டு இன்புட் கழித்து, ஜி.எஸ்.டி.ஆர்.-3பி என்ற படிவத்துடன் 20-ஆம் தேதிக்குள் வரி கட்டப்படுகிறது. விற்றவர் ஏற்றாத பில்லுக்கு வாங்கியவர் இன்புட் எடுக்க முடியாது என்பதால், இந்த மூன்று தேதிகளே இத்தொழிலின் பருவங்கள்.

மாதத்தின் 1 முதல் 11 வரை வரும் பில்லில், வாங்குபவரின் வரி எண் விடுபட்டிருந்தால் அது அவசரச் செய்தி. கடைக்காரர் தம் விற்பனை விவரத்தை இன்னும் தாக்கல் செய்யாதிருக்கக்கூடும் என்பதால், பில்லைத் திருத்தி வாங்க அவகாசம் இருக்கிறது. 14-க்கும் 20-க்கும் இடையில் வரும் பில், பெரும்பாலும் கணக்கரே முன்பு கேட்ட கேள்விக்குரிய பதிலாக இருக்கும். பட்டியலில் ஒரு பில் இருந்து கையில் இல்லாமலும், கையில் ஒரு பில் இருந்து பட்டியலில் இல்லாமலும் போகும் இடங்களைக் குறித்து, "இந்தக் கடை பில் கிடைக்கவில்லை" என்று அவர் அந்நாட்களில் பலருக்கும் எழுதியிருப்பார். அனுப்புநர் இரண்டு நாள் கழித்துப் பில்லைத் தேடி எடுத்து, எந்தக் கேள்விக்கு என்று சொல்லாமல் அனுப்புகிறார். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, அனுபவமுள்ளவர் முதலில் விரலால் மேலே தள்ளித் தாம் கடைசியாக என்ன எழுதினோம் என்று பார்க்கிறார். சொல்லில்லாத படங்களில் கணிசமானவற்றின் சொல் அங்கேதான், கணக்கரின் சொந்தச் செய்தியிலேயே கிடக்கிறது. 20-க்குப் பின் மாத இறுதிவரை வருபவை பெரும்பாலும் சாதாரணக் கொள்முதல் பில்கள், அவற்றை அவசரமின்றி ஏற்றலாம்.

இனி எழுத்துகளைப் படிக்கும் பகுதிக்கு வரலாம். கடை பில்லில் உள்ள விவரங்கள் எல்லாம் ஒரே அளவு மங்கினாலும், எல்லாவற்றையும் ஒரே அளவு மீட்க முடியாது. வணிகரின் பதினைந்து இட வரி எண், மீட்பதற்கு மிக எளியது, ஏனெனில் அதன் ஒவ்வோர் இடத்துக்கும் விதி இருக்கிறது. முதல் இரண்டு இடம் மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடம் வருமான வரித் துறையின் பான் எண், அதில் முதல் ஐந்தும் எழுத்துகள், அடுத்த நான்கும் இலக்கங்கள், பத்தாவது மீண்டும் எழுத்து. பதின்மூன்றாவது இடம் அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் பெற்ற எத்தனையாவது பதிவு என்பதைக் குறிக்கிறது. பதினான்காவது இடத்தில் வழக்கமாக ஆங்கில இசட் எழுத்து நிற்கும். ஆகவே எட்டுப் போலவும் ஆங்கில பி எழுத்துப் போலவும் தோன்றும் ஒரு கறை எந்த இடத்தில் இருக்கிறது என்று எண்ணினாலே அது எது என்று தெரிந்துவிடுகிறது. பூச்சியத்துக்கும் ஓ எழுத்துக்கும், ஐந்துக்கும் எஸ் எழுத்துக்கும் இடையிலான ஐயமும் அவ்வாறே தீர்கிறது.

பான் எண்ணின் நான்காவது எழுத்து உரிமையாளரின் வகையைக் காட்டுவது. தனிநபர் என்றால் பி, கூட்டு நிறுவனம் என்றால் எஃப், கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவானது என்றால் சி. ஐந்தாவது எழுத்து, நிறுவனமாயின் அதன் பெயரின் முதல் எழுத்தாகவும், தனிநபராயின் குடும்பப்பெயர் அல்லது கடைசிப்பெயரின் முதல் எழுத்தாகவும் இருக்கும். கடையின் பலகைப் பெயர் தெளிவாகவும் எண் மங்கலாகவும் உள்ள படத்தில் இது பெருந்துணை, ஆனால் தனியுரிமைக் கடைகளில் பலகைப் பெயர் வேறு, உரிமையாளர் பெயர் வேறு என்பதை மறக்கக்கூடாது. பதினைந்தாவது இடம் சரிபார்ப்பு எழுத்து. முன்னுள்ள பதினான்கு இடங்களையும் ஒரு கணக்கில் இட்டுப் பெறப்படுவது என்பதால், ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருந்தால் எண் பொருந்தாமல் போகும். இறுதியாக, வரித்துறையின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டுத் தேடினால் உரிமையாளர் பெயரும், முகவரியும், எந்தப் படிவத்தை எந்தத் தேதியில் தாக்கல் செய்தார் என்பதும் வருகின்றன. இந்தக் கடைசி விவரத்தின் பயன் பின்னால் தெரியும்.

தொகைகளை மீட்பது கணக்கு வழி. பில்லின் அடியில் உள்ள வரிக்கு முந்தைய மதிப்பு, மத்திய வரி, மாநில வரி, முழுத் தொகை ஆகிய நான்கும் ஒன்றையொன்று கட்டிப்போட்டிருப்பதால், அவற்றில் சில இலக்கங்கள் அழிந்தாலும் எஞ்சியவை அவற்றை வெளிக்கொணர்ந்துவிடும். ஒரே ஊருக்குள் அல்லது ஒரே மாநிலத்துக்குள் நடந்த விற்பனையில் வரி, மத்திய வரி என்றும் மாநில வரி என்றும் சம பாதியாகப் பிரிந்து இரண்டு வரிகளில் நிற்கும், வெளிமாநில விற்பனையில் ஒருங்கிணைந்த வரி என்ற ஒரே வரிதான். இந்த வேறுபாடு எழுத்தைப் படிக்காமலே பில்லின் அடிப்பகுதியின் உருவத்தில் தெரிகிறது. வரிக்கட்டமே காணப்படாவிட்டால் மங்கலைக் குறைசொல்வதற்கு முன், கடைக்காரர் தொகுப்புத் திட்டத்தில் உள்ளவரா என்று பார்க்க வேண்டும். அத்திட்டத்தில் உள்ள சிறு வணிகர் தம் விற்றுமுதலில் ஒரு சிறு விகிதத்தைத் தாமே செலுத்திவிடுகிறார், வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, ஆகவே அவர் பில்லில் வரி வரிசை இருக்கவே இருக்காது.

வரி விகிதமும் தேதியும் ஒன்றையொன்று சோதிப்பவை. 2025 செப்டம்பர் 22 முதல் பன்னிரண்டு, இருபத்தெட்டு சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் ஐந்துக்கும் பதினெட்டுக்கும் மாற்றப்பட்டுவிட்டன. ஆகவே அதற்குப் பின்னான தேதியுள்ள பில்லில் பன்னிரண்டு போலத் தோன்றும் எண்ணைக் கண்டால், தேதியைத் தவறாகப் படித்தோமா, விகிதத்தைத் தவறாகப் படித்தோமா, அல்லது கடையின் கணினியில் பழைய விகிதம் மாற்றப்படாமல் கிடக்கிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றாவது என்றால், அனுப்பியவரின் கேள்வி அதுவாகவே இருக்கலாம்.

இவை எல்லாம் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒரு பில்லைக் கொண்டு காணலாம். திருப்பூரில் உள்ள ஒரு சிறு தையல் கம்பெனியின் உரிமையாளரிடமிருந்து, மாதத்தின் 12-ஆம் தேதி மாலையில், ஒரு மின்சாமான் கடையின் தெர்மல் பில் படம் வருகிறது. எழுத்துகள் பக்கவாட்டில் இழுபட்டிருக்கின்றன. கடையின் பெயரும், சென்ற மாதம் 28 என்ற தேதியும் தெரிகின்றன, பில்லின் அடிப்பகுதியும் ஓரளவு தெளிவாக இருக்கிறது. மேற்பகுதியில் வாங்குபவர் என்ற இடத்தில் கம்பெனியின் நீண்ட பெயர் இல்லை, ஒரு குட்டைப் பெயர் மட்டும் இருக்கிறது, அதன் கீழ் எண் எதுவும் இல்லை. மொத்தத்துக்கு அருகில் பென்சிலால் போட்ட ஒரு சரிக்குறி.

முதலில் தொகை. மத்திய வரி வரிசையில் 43 என்று தொடங்கி, மூன்றாவது இலக்கம் அழிந்து, .50 என்று முடிகிறது. முழுத் தொகை 57 என்று தொடங்கி, நடுவில் ஓர் இலக்கம் போய், 3 என்று முடிகிறது. பொருள்கள் வயரும் எல்.இ.டி. குழல்விளக்கும் என்பது வரிசைகளின் நீளத்திலிருந்தும் ஓரிரு எழுத்திலிருந்தும் தெரிகிறது. இரண்டுக்கும் பதினெட்டு சதவீதம்தான் என்பதால், மத்திய வரி ஒன்பது, மாநில வரி ஒன்பது. இப்போது அழிந்த இலக்கத்துக்குப் பூச்சியம் முதல் ஒன்பது வரை ஒவ்வொன்றாக இட்டு, ஒன்பது சதவீதம் அவ்வளவு என்றால் மூலத் தொகை எவ்வளவு, அதனுடன் இரண்டு வரியும் சேர்ந்தால் எவ்வளவு என்று பார்க்கலாம். 435.50 என்றால் மொத்தம் ரூபாய்க்கு முழுமையாக்கியபின் 5,710, 437.50 என்றால் 5,736, மற்றவையும் மூன்றில் முடிவதில்லை. 436.50 என்றால் மட்டும் மூலத் தொகை சரியாக 4,850, இரு வரிகளும் சேர்ந்து 873, மொத்தம் 5,723. நான்கு எண்ணும் ஒன்றோடொன்று இசைந்து, பைசா மிச்சமின்றி அமர்வதால் இதை ஊகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பில் எண்ணை இவ்வாறு மீட்க முடியாது. அது கடையின் விருப்பப்படி பதினாறு இடங்களுக்குள் அமையும் தொடர் எண், அதைச் சோதிக்க எந்தக் கணக்கும் இல்லை. வாங்குபவரின் வரி எண் உள்ள பில் என்றால், 14-ஆம் தேதிக்குப் பின் வரும் பட்டியலில் அதே கடையின் வரி எண், அதே தேதி, அதே தொகை உள்ள வரிசையைத் தேடிப் பில் எண்ணை எடுத்துவிடலாம். இந்தப் பில்லில் அந்த வழி இல்லை. பில் எண்ணை மனத்தில் தோன்றியபடி இட்டு நிரப்புவது இத்தொழிலில் செய்யவே கூடாத செயல், பின்னாளில் அதிகாரி கேட்டால் அந்த எண்ணில் வேறு ஒருவரின் பில் இருக்கும்.

அடுத்தது, அவர் கேட்பது என்ன. கம்பெனிப் பெயரும் வரி எண்ணும் இல்லாததால், கடைக்காரர் இதை வரி எண் இல்லாத சில்லறை விற்பனையாகவே கணக்கு காட்டியிருப்பார். இணையதளத்தில் அந்தக் கடையின் விவரத்தைப் பார்த்தால், சென்ற மாதத்தின் ஜி.எஸ்.டி.ஆர்.-1 ஏற்கெனவே தாக்கலாகிவிட்டது என்று தெரிகிறது. கடைக்காரர் மனம்வைத்தால் திருத்த வழி உண்டு, என்றாலும் 873 ரூபாய் வரிக்காக ஏற்கெனவே காட்டிய ரொக்க விற்பனையைப் பிரித்து மாற்ற இசைபவர் அரிது. ஆகவே இன்புட் என்பது இந்தப் பில்லில் பெரும்பாலும் முடிந்துபோன செய்தி. எஞ்சுவது இரண்டு சாத்தியங்கள். பில்லில் உள்ள குட்டைப் பெயர் கம்பெனியின் சூப்பர்வைசருடையதாக இருந்தால், அவர் கைப்பணத்தில் வாங்கியதை உரிமையாளர் சரிபார்த்துப் பென்சில் குறி இட்டு, செலவில் எழுதச் சொல்கிறார் என்று கொள்ளலாம். உரிமையாளரின் வீட்டு மின்பணிக்கு வாங்கியதாகவும் இருக்கலாம், அப்படியென்றால் அது கம்பெனிச் செலவே அல்ல. குழல்விளக்கின் எண்ணிக்கை பன்னிரண்டு என்று தெரிவதும், தையல் மேசைகளின் மேல் விளக்கு வரிசை இருக்கும் என்பதும் முதல் சாத்தியத்தின் பக்கம் சாய்கின்றன. குறியும் தொகைக்கு அருகில்தான் இருக்கிறது, பெயருக்கு அருகில் அல்ல.

இந்த இடத்தில் ஊகத்தை எவ்வளவு தூரம் செயலாக்கலாம் என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. தவறாகப் போனால் எளிதில் அழித்து எழுதக்கூடியதைக் கேட்காமலே செய்யலாம், பணமோ வரியோ வண்டியோ அசையக்கூடியதைக் கேட்காமல் செய்யக்கூடாது. செலவுப் பக்கத்தில் தற்காலிகமாக எழுதுவது முதல் வகை. இன்புட் எடுப்பது, ஈ-வே பில் எடுப்பது, சூப்பர்வைசரின் கணக்கில் பணம் கொடுத்ததாக எழுதுவது ஆகியவை இரண்டாம் வகை. அளவுக்கு மீறி எடுத்த இன்புட்டைப் பின்னால் வட்டியோடு திருப்பிக் கட்ட நேரலாம். ஆகவே கணக்கர் எழுதும் பதில், தாம் என்ன புரிந்துகொண்டார், என்ன செய்யப்போகிறார், எந்த ஒரு சொல் அதை மாற்றும் என்ற மூன்றையும் கொண்டிருக்க வேண்டும். அந்தத் தையல் கம்பெனிக்குப் போன பதில் இந்த வடிவில் இருந்தது: "அண்ணா, 28-ந் தேதி எலக்ட்ரிக்கல் பில் ரூ.5,723 பார்த்தாச்சுங்க. கம்பெனி செலவுல எழுதிடலாங்க. பில்லு கம்பெனி பேர்ல இல்லாததால வரி 873 கழிக்க முடியாதுங்க. வீட்டுக்கு வாங்குனதுன்னா 'வீடு'ன்னு மட்டும் போடுங்க. சூப்பர்வைசர் காசு கொடுத்திருந்தா அவரு பேர் போடுங்க."

சற்று நேரத்தில் ஒரு பெயர் மட்டும் பதிலாக வந்தது. அதுவே போதுமானது: செலவு கம்பெனியுடையது, பணம் சூப்பர்வைசருக்குத் தரப்பட வேண்டியது. அந்த உரிமையாளர் தொடக்கத்தில் எழுதாமல் விட்டது அந்தப் பெயரைத்தான். கேள்வி திறந்ததாக இருந்திருந்தால் அவர் நாலு வரி தட்டச்சு செய்ய வேண்டியிருந்திருக்கும், அதற்குப் பதில் பெரும்பாலும் மௌனமே கிடைத்திருக்கும். கூடவே, வரி 873 போயிற்று என்பதைப் பதிலில் எண்ணாகச் சொன்னதன் விளைவாக, அடுத்த முறை அதே கடையிலிருந்து வந்த பில்லில் கம்பெனியின் பெயரும் வரி எண்ணும் இருந்தன. சட்டத்தை விளக்கும் நீண்ட செய்தி எதுவும் இதைச் செய்திருக்காது.

மறுபடம் கேட்க வேண்டிய நிலை வரும்போதும் இதே சிக்கனம் வேண்டும். "தெளிவாக எடுத்து அனுப்புங்கள்" என்பதற்குப் பெரும்பாலும் அதே தொலைவிலிருந்து எடுத்த, அதே அளவு கலங்கிய படம்தான் வரும். முழு பில்லையும் ஒரே படத்தில் அடக்க முயல்வதே கலக்கத்தின் காரணம் என்பதால், எந்தப் பகுதி வேண்டுமோ அதை மட்டும் கேட்க வேண்டும்: "பில்லு மேல் பாதி மட்டும், மேசை மேல வெச்சு எடுங்க." தெர்மல் தாள் பளபளப்பானது என்பதால் கைப்பேசியின் ஃப்ளாஷ் விளக்கு எழுத்தின் மேல் வெள்ளைப் பொட்டாக விழும், அதை அணைக்கச் சொல்ல வேண்டும். வாட்ஸாப் படத்தைச் சுருக்கியே அனுப்புகிறது, கூரிய எழுத்தோரங்கள் அதில் மழுங்கும், ஆகவே படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் சிறு எழுத்துகள் பிழைக்கும். இதைச் செய்யத் தெரியாதவரிடம் பில்லைப் படிக்கச் சொல்லிக் குரல் பதிவாக அனுப்பச் சொல்வது இன்னும் எளிது, குறிப்பாக எண் ஒன்றுதான் ஐயம் என்றால்.

இவ்வளவு முயன்றும் ஊகிக்கவே கூடாத படங்கள் உண்டு. விற்றவர், வாங்கியவர் இருவரில் ஒருவரும் தெரியாத படம், அனுப்பியவரின் தொழிலோடு எந்த வகையிலும் பொருந்தாத பொருள், மின்வழிச் சீட்டு எல்லையைத் தாண்டிய தொகை, கடைக்காரருக்கும் அனுப்புநருக்கும் தகராறு இருப்பதாக முன்பே தெரிந்த கடை, இவற்றில் எதற்கும் எழுத்தால் பதில் சொல்லாமல் தொலைபேசியில் அழைத்துவிடுவதே சரி. அதிலும் தகராறு உள்ள கடையின் பில்லில் கணக்கர் எழுதும் ஒரு வரி, அப்படியே கடைக்காரருக்கு முன்னனுப்பப்பட்டு, கணக்கரின் தீர்ப்பாக நின்றுவிடக்கூடும்.

வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கடையில் பில் போடுவதற்கு முன்பே கம்பெனியின் வரி எண்ணைச் சொல்லிவிடுங்கள், படத்தை அனுப்பும்போது அதன் கீழ் "வீடு", "கம்பெனி", "திருப்பித் தர", "சரியா" என்ற நான்கில் ஒன்றை எழுதுங்கள். 11-ஆம் தேதிக்கு முன் வரும் பில்லில் திருத்தம் கேட்கலாம், அதற்குப் பின் வரும் பில்லில் பெரும்பாலும் செலவு மட்டுமே எழுத முடியும்.